வெந்நீருக்குத் தன் வரலாறு தெரியாது

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே பீர் காய்ச்சும் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் ஜூல். 1840களில் அவர் ஒரு நிலவறையில் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். செம்புப் பாத்திரம், அதற்குள் பித்தளைத் துடுப்புகள், துடுப்பைச் சுழற்றும் கயிறு. கயிற்றின் இரு முனைகளிலும் ஆளுக்கு 13 கிலோ அளவில் இரண்டு ஈயக்கட்டிகள். கட்டிகள் ஏறத்தாழ 1.6 மீட்டர் கீழே இறங்கும்போது துடுப்பு சுழன்று தண்ணீரைக் கலக்கும். பிறகு துடுப்பைக் கயிற்றிலிருந்து கழற்றிவிட்டு, கட்டிகளை மேலே ஏற்றி, மறுபடி இறங்க விடுவார். ஒரு சோதனைக்கு இருபது முறை.

இவ்வளவு பாடுபட்டும் சுமார் 6 கிலோ தண்ணீரின் வெப்பநிலை ஏறியது ஒரு டிகிரி செல்சியஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பக்கத்தில் நிற்கும் தன் உடல் சூடே கணக்கைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, தனக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு பெரிய மரத்தடுப்பை வைத்துக்கொண்டார் ஜூல். ஃபாரன்ஹீட் டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைப் படிக்கக்கூடிய வெப்பமானி அவரிடம் இருந்தது. அப்படி ஒரு கருவி கையில் இல்லாதவர் இந்தச் சோதனையைத் தொட்டே இருக்க முடியாது.

அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்து அதே அளவுக்குச் சூடாக்கியிருக்கலாம். அப்படிச் செய்த தண்ணீரையும் ஜூல் கலக்கிச் சூடாக்கிய தண்ணீரையும் அருகருகே வைத்துவிட்டு, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் யாராலும் முடியாது. வெப்பநிலை, அழுத்தம், அடர்த்தி என எதை அளந்தாலும் இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்குள் ‘வேலை’யும் இன்னொன்றுக்குள் ‘வெப்ப’மும் தனித்தனியே தங்கியிருக்கவில்லை. பதினோராம் வகுப்புப் புத்தகம் அக ஆற்றலை நிலைச் சார்பு என்றும், வெப்பத்தையும் வேலையையும் வழிச் சார்பு என்றும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இந்தத் தண்ணீரின் மறதிதான்.

ஜூலின் காலத்து அறிஞர்கள் பலர் வேறு விதமாக நம்பினார்கள். வெப்பம் என்பது ‘கலோரிக்’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம். சூடான பொருளில் அது நிறைய இருக்கும், குளிர்ந்த பொருளில் குறைவாக இருக்கும். இந்தக் கொள்கைப்படி ‘இந்த இரும்புக்குள் இவ்வளவு வெப்பம் இருக்கிறது’ என்று சொல்வதில் தவறே இல்லை. அதாவது அவர்களுக்கு வெப்பமே ஒரு நிலைச் சார்பு. நீராவி எஞ்சினைப் பற்றி 1824இல் அருமையான ஒரு நூல் எழுதிய பிரெஞ்சு எஞ்சினியர் சாடி கார்னோகூட, எஞ்சினுக்குள் நுழையும் வெப்பம் முழுவதும் வெளியேறிவிடுகிறது என்ற எண்ணத்தில்தான் கணக்கைத் தொடங்கினார்.

அந்த நம்பிக்கையில் ஓட்டை இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மியூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழாய்களைக் குடையும்போது அவை எவ்வளவு சூடாகின்றன என்று கவனித்தவர் ரம்ஃபோர்டு பிரபு. மழுங்கிய குடையாணியை வேண்டுமென்றே பொருத்தி, உலோகத்தைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, குதிரைகளைக் கொண்டு சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பு எங்கும் இல்லை. குதிரை சுற்றிக்கொண்டே இருந்தால் சூடும் வந்துகொண்டே இருந்தது. உலோகத்துக்குள் ஏற்கெனவே சேர்ந்துகிடந்த சரக்கு என்றால் அது ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டும் அல்லவா? தீரவில்லை என்று 1798இல் அவர் எழுதினார். கேட்டவர்கள் கேட்டார்கள்; கலோரிக் என்னவோ இன்னும் அரை நூற்றாண்டு உயிரோடு இருந்தது.

ஜூல் செய்த புதுமை, ஒரே இடத்துக்குப் பல வழிகளில் போய்ப் பார்த்தது. 1843இல் காந்தங்களுக்கு நடுவே கம்பிச்சுருளைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் தண்ணீரைச் சூடாக்கினார். நுண்துளைகள் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளினார். காற்றை அமுக்கினார். துடுப்பால் தண்ணீரைக் கலக்கினார், பாதரசத்தைக் கலக்கினார், இரும்போடு இரும்பை உரசவிட்டார். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க எவ்வளவு வேலை செலவாகிறது?

தொடக்கத்தில் விடைகள் சிதறிக் கிடந்தன. 1843இன் மின்சாரச் சோதனை 838 அடி-பவுண்டு என்றது; நுண்துளைச் சோதனை 770 என்றது. கருவிகள் தேறத் தேற எண்கள் ஒன்றையொன்று நெருங்கின. 1850இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் தண்ணீர் உரசலுக்கு ஏறத்தாழ 773, பாதரசத்துக்கு 774, இரும்புக்கு 775. இன்றைய அலகில் சொன்னால் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த சுமார் 4,160 ஜூல். அவர் பெயரே அலகாகிவிட்டது.

இந்த எண்கள் ஒத்துப்போனதில்தான் விஷயமே இருக்கிறது. வெப்பம் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாதபடி ஒரு பாத்திரத்தைக் காப்பிட்டு மூடிவிட்டால், தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் வேலை எந்த வழியில் போனாலும் ஒன்றே. துடுப்பால் கலக்கினாலும் சரி, உள்ளே ஒரு கம்பியைப் போட்டு மின்சாரம் பாய்ச்சினாலும் சரி. வழி மாறினாலும் அளவு மாறவில்லை என்றால், அந்த அளவு தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மட்டுமே சார்ந்திருக்கிறது. இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள அந்த வித்தியாசத்துக்குத்தான் அக ஆற்றல் மாற்றம் என்று பெயர். ஜெர்மனியின் ருடால்ஃப் கிளாசியஸ் 1850இல் இதைக் கணித வடிவில் எழுதி U என்ற எழுத்தால் குறித்தார். காப்பை எடுத்துவிட்டால் வேலையோடு வெப்பமும் கைகோத்துக்கொள்ளும். அப்போது கணக்கு இப்படி:

ΔU = Q − W

Q உள்ளே வந்த வெப்பம், W பொருள் வெளியுலகின் மீது செய்த வேலை. இடப்பக்கம் நிலைகளை மட்டும் பார்க்கிறது. வலப்பக்கத்தின் இரண்டு உறுப்புகளும் போகும் வழிக்கேற்ப மாறுகின்றன, ஆனால் அவற்றின் வித்தியாசம் மட்டும் மாறுவதில்லை.

இதை ஒரு ஏரியை வைத்து யோசிக்கலாம். ஏரிக்கு மழையாலும் தண்ணீர் வரும், வாய்க்காலாலும் வரும். கரையில் நட்ட அளவுகல்லைப் பார்த்து ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதில் மழைத்தண்ணீர் எத்தனை, வாய்க்கால் தண்ணீர் எத்தனை என்று கேட்பதில் பொருளில்லை. மழை, வாய்க்கால் என்பவை தண்ணீர் வந்து சேர்ந்த விதங்கள். வெப்பமும் வேலையும் அப்படித்தான்: ஆற்றல் எல்லையைக் கடக்கும் இரண்டு விதங்கள். கடந்து முடிந்த பிறகு உள்ளே இருப்பது அக ஆற்றல் ஒன்றுதான்.

இனி எண்களோடு ஒரு பயணம். பிஸ்டன் பொருத்திய ஒரு உருளையில் 3.2 கிராம் ஹீலியம் இருக்கிறது. வெப்பநிலை 300 கெல்வின், அதாவது நம் ஊர் அறைவெப்பமான 27 டிகிரி செல்சியஸ். கன அளவு 10 லிட்டர், அழுத்தம் 2 பார். (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்.) போய்ச்சேர வேண்டிய நிலை: அதே 300 கெல்வின், 20 லிட்டர், 1 பார். ஹீலியம் ஏறக்குறைய நல்லியல்பு வாயுவாக நடந்துகொள்ளும். அதனால் கணக்கு எளிது. இந்த அளவு ஹீலியத்தின் வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்தினால் அதன் அக ஆற்றல் 10 ஜூல் கூடும். 1 பார் அழுத்தத்தில் வாயு 1 லிட்டர் விரிந்தால் அது செய்யும் வேலை 100 ஜூல். இந்த இரண்டு எண்கள் போதும்.

முதல் வழி: அழுத்தத்தை 2 பாரிலேயே நிறுத்திவைத்துச் சூடாக்கி விரியவிடுவது. 10 லிட்டர் விரிகிறது, எனவே வேலை 2,000 ஜூல். கன அளவு இரட்டிக்க, வெப்பநிலையும் 600 கெல்வினுக்கு இரட்டிக்கிறது. அதற்கு அக ஆற்றல் 3,000 ஜூல் ஏறியாக வேண்டும். ஆக உள்ளே விட்ட வெப்பம் 5,000 ஜூல். இப்போது பிஸ்டனை ஆணியடித்தாற்போல் நிறுத்திவிட்டு, 300 கெல்வினுக்குக் குளிரவிட்டால் 3,000 ஜூல் வெளியேறும். பிஸ்டன் அசையாததால் வேலை ஏதும் இல்லை. கூட்டிக் கழித்தால் உள்ளே வந்த வெப்பம் 2,000 ஜூல், வெளியே கொடுத்த வேலை 2,000 ஜூல்.

இரண்டாம் வழியில் வரிசையை மாற்றுவோம். முதலில் பிஸ்டனை நிறுத்திவைத்து 150 கெல்வின் வரை குளிரவிட வேண்டும். அழுத்தம் 1 பாருக்கு இறங்கும், 1,500 ஜூல் வெளியே போகும். பிறகு அந்தக் குறைந்த அழுத்தத்திலேயே சூடாக்கி 20 லிட்டருக்கு விரியவிட்டால் 2,500 ஜூல் வெப்பம் உள்ளே வரும். அதில் 1,000 ஜூல் வேலையாக வெளியேறும். நிகரக் கணக்கில் வெப்பம் 1,000, வேலை 1,000. வெப்பநிலையை 300 கெல்வினிலேயே வைத்து மெல்ல மெல்ல விரியவிடும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதில் இரண்டும் 1,386 ஜூல்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, அதில் எதுவுமே செலவில்லை. உருளையைக் காப்பிட்டு, பக்கத்தில் 10 லிட்டர் வெற்றிடம் வைத்து, நடுவில் உள்ள தடுப்பை உடைத்துவிட வேண்டும். ஹீலியம் பாய்ந்து இரண்டு இடத்தையும் நிரப்பும். தள்ள எதிரே எதுவும் இல்லாததால் வேலை பூஜ்யம். காப்பு இருப்பதால் வெப்பமும் பூஜ்யம். முடிவு நிலை அதே 300 கெல்வின், 20 லிட்டர், 1 பார்.

ஆக வெப்பம் 2,000 என்றும் 1,386 என்றும் 1,000 என்றும் பூஜ்யம் என்றும் நான்கு விடைகள். அக ஆற்றல் மாற்றத்துக்கு ஒரே விடை: பூஜ்யம். பயணம் முடிந்தபின் உருளையிடம் ‘எத்தனை ஜூல் வெப்பம் வாங்கினாய்?’ என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது. அதற்கான பதில் உருளைக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வேலை ஏன் வழிக்கு வழி மாறுகிறது என்பதும் இந்த எண்களிலேயே தெரிகிறது. பிஸ்டன் நகரும் ஒவ்வொரு கணத்திலும் அதைத் தள்ளும் அழுத்தம் எவ்வளவு என்பதே வேலையைத் தீர்மானிக்கிறது. முதல் வழியில் விரிதல் முழுவதும் 2 பாரில் நடந்தது, இரண்டாம் வழியில் 1 பாரில். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் தெரிந்துகொண்டு இடையில் அழுத்தம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. அக ஆற்றலோ அணுக்களின் இயக்க ஆற்றலும், அவை ஒன்றையொன்று ஈர்ப்பதாலும் தள்ளுவதாலும் வரும் நிலை ஆற்றலும் சேர்ந்த மொத்தம். இந்த நொடியில் அணுக்கள் எப்படி இருக்கின்றன என்பதே அதற்குப் போதும். இந்த மொத்தமும் வழிக்கு வழி மாறும் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு வழியில் போய் இன்னொரு வழியில் திரும்பினால் பொருள் பழைய நிலைக்கே வந்திருக்கும், கையிலோ கொஞ்சம் ஆற்றல் மிஞ்சியிருக்கும். அதைத் திரும்பத் திரும்பச் செய்து உலகை ஓட்டிவிடலாம். இத்தகைய நிரந்தர இயந்திரத் திட்டங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775இலேயே முடிவெடுத்துவிட்டது.

வழிச் சார்பு என்றதும் அதை ஒரு குறையாக நினைக்கத் தோன்றும். உண்மையில் எஞ்சின்கள் ஓடுவதே அந்தக் குணத்தால்தான். ஹீலியத்தை முதல் வழியில் விரியவிட்டு, இரண்டாம் வழியைத் தலைகீழாகப் பிடித்துத் திரும்ப அழைத்து வரலாம். போகும்போது வாயு 2,000 ஜூல் வேலை கொடுக்கிறது. திரும்பி வர நாம் 1,000 ஜூல் மட்டும் கொடுத்தால் போதும். வாயு பழைய இடத்துக்கே வந்துவிட்டது, அக ஆற்றல் இம்மியும் மாறவில்லை, மிச்சம் 1,000 ஜூல். அது சும்மா வரவில்லை: சுற்று முழுவதிலும் 6,500 ஜூல் வெப்பம் உள்ளே போய், 5,500 ஜூல் வெளியேறியிருக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் தேறியது. ரொம்பச் சுமாரான எஞ்சின். ஆனால் வேலையும் நிலைச் சார்பாக இருந்திருந்தால் போன வேலையும் வந்த வேலையும் சரிக்குச் சரி ஆகி, இந்தச் சுமாரான எஞ்சின்கூட ஓடியிருக்காது. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796இல் எஞ்சினின் அழுத்தத்தையும் கன அளவையும் காகிதத்தில் பென்சிலால் தானாகவே வரைந்து காட்டும் ஒரு கருவியைச் செய்தார். அந்தப் பென்சில் வரையும் மூடிய வளையத்தின் பரப்பளவே ஒரு சுற்றில் கிடைக்கும் வேலை. வெகுகாலம் அதை வெளியே விடாமல் ரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

வாயுவும் பிஸ்டனும் பாடப்புத்தகத்தின் உலகம் என்று தோன்றினால், பள்ளி வேதியியல் ஆய்வகத்துக்குள் போகலாம். நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில் துத்தநாகத் துண்டைப் போட்டால் நீலம் வெளிறும், செந்நிறத் தாமிரம் படியும், குடுவை சூடாகும். 65 கிராம் துத்தநாகம் கரைந்தால் வெளியேறும் வெப்பம் சுமார் 219 கிலோஜூல். அதே வேதிவினையை டேனியல் மின்கலமாக அமைத்து, ஒரு மோட்டாரை இணைத்து மிக நிதானமாக ஓடவிட்டால், சுமார் 213 கிலோஜூல் மின்வேலையாகக் கிடைக்கும். வெப்பமாகக் கசிவது 6 கிலோஜூல்தான். கரைந்த துத்தநாகமும் படிந்த தாமிரமும் இரண்டிலும் ஒன்றே, கூட்டுத்தொகையும் ஒன்றே. பங்குபிரிப்பு மட்டும் வேறு. மின்கலத்தின் இரு முனைகளையும் மொத்தக் கம்பியால் நேராக இணைத்துக் குறுக்குச்சுற்று ஆக்கிவிட்டால் 219ம் வெப்பமாகவே போய்விடும்.

இங்கே இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ‘அக ஆற்றல் நிலைச் சார்பு’ என்பதையும் ‘அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது’ என்பதையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வது முதலாவது. இரண்டாவது கூற்று நல்லியல்பு வாயுவுக்கு மட்டும் பொருந்தும். ஜூலே 22 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்றை ஒரு செம்புக் கலத்திலிருந்து இன்னொரு வெற்றுக் கலத்துக்குத் திறந்துவிட்டுப் பார்த்தார். கலங்கள் இருந்த தண்ணீரில் வெப்பநிலை மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவ்வளவு தண்ணீருக்கு நடுவே சிறு மாற்றம் நடந்திருந்தாலும் வெப்பமானிக்கு எட்டியிருக்காது. பின்னர் 1852 முதல் வில்லியம் தாம்சனோடு சேர்ந்து, துளைகள் நிறைந்த ஒரு அடைப்பு வழியே காற்றைச் செலுத்திச் செய்த நுட்பமான சோதனையில், காற்று விரியும்போது கொஞ்சம் குளிர்கிறது என்று தெரிந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால், அவற்றைப் பிரித்து வைக்க ஆற்றல் செலவாகிறது. ஆகவே உண்மையான காற்றின் அக ஆற்றலைச் சொல்ல வெப்பநிலையோடு கன அளவும் தெரிய வேண்டும். அப்போதும் அது நிலைச் சார்புதான்.

இரண்டாவது வழுக்கல், ‘நிலை’ என்பதை அரைகுறையாகச் சொல்வது. ஒரு தாமிரக் கம்பியைப் பலமுறை வளைத்து, மறுபடி நேராக்கி, ஆறவைத்தால் நீளம் பழையது, வெப்பநிலை பழையது, எடையும் பழையது. ஆனால் செலவழித்த வேலை அத்தனையும் வெப்பமாக வெளியே வந்திருக்காது. உலோகத்தைச் சிதைக்கும் வேலையில் ஒரு சிறு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது என்று ஜி. ஐ. டெய்லரும் குவின்னியும் 1934இல் அளந்து காட்டினார்கள். அப்படியானால் ஒரே நிலைக்கு இரண்டு அக ஆற்றலா? இல்லை, அது ஒரே நிலையே இல்லை. வளைத்த கம்பிக்குள் அணுவரிசைகள் குலைந்து கிடக்கின்றன. தொட்டுப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம்: புதுக்கம்பி மெழுகுபோல் வளையும், பலமுறை வளைத்தது விறைத்து நிற்கும், இன்னும் வளைத்தால் ஒடியும். நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டால் குலைந்த வரிசைகள் சீராகி, தங்கியிருந்த ஆற்றலும் வெளியேறி, கம்பி மறுபடி இளகிவிடும். சோதனைக்கூடத்தில் அக ஆற்றல் கணக்கு வழிக்கு வழி மாறுவதுபோல் தெரிந்தால் ஆய்வாளர்கள் விதியைச் சந்தேகிப்பதில்லை. நிலையை விவரிக்கும்போது எந்த அளவை விட்டுவிட்டோம் என்றுதான் தேடத் தொடங்குகிறார்கள்.